முதல் சம்பளக் கவிதையில் நான் போட்ட கோடுகள்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பணமும் வந்தது, கவிதையும் வந்தது. பணத்தைப் பற்றி அப்பா தனியாக உன்னிடம் பேசுவார். கவிதை என் பங்குக்கு வந்திருக்கிறது. "எழுத்துப்பிழை மட்டும் பாரும்மா, வேறு எதையும் தொடாதே" என்று கீழே ஒரு குறிப்பு வேறு. அச்சகத்தில் காலமெல்லாம் புரூஃப் பார்த்தவளிடம் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு, இதைப் பார், அதைப் பார்க்காதே என்றால் நடக்கிற காரியமா?

முதல் தடவை அம்மாவாகத்தான் படித்தேன். அதில் எனக்கு என்ன தோன்றியது என்பதைப் போனில் சொல்லிவிட்டேன், திரும்ப எழுதப் போவதில்லை. இரண்டாம் தடவை சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். இந்தக் கடிதம் அந்த இரண்டாம் வாசிப்பைப் பற்றியது. போனில் இதையெல்லாம் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய்.

உன் கவிதை இப்படித் தொடங்குகிறது:

அம்மா! அப்பா!
என் கண்கண்ட தெய்வங்களே!
நீங்கள் பட்டினி கிடந்து எனக்கு ஊட்டினீர்கள்
நீங்கள் விழித்திருந்து என்னை உறங்க வைத்தீர்கள்
மெழுகாய் உருகி எனக்கு ஒளி கொடுத்தீர்கள்

தம்பி, நாங்கள் ஒருநாளும் பட்டினி கிடக்கவில்லை. உன் அப்பா ஒருவேளை தாமதமானாலே என்ன பேச்சுப் பேசுவார் என்று உனக்குத் தெரியும். விழித்திருந்தது உண்டு, உனக்குக் காய்ச்சல் கண்ட இரவுகளில். அதுகூட முறைவைத்துத்தான். நான் பாதி ராத்திரி, அவர் பாதி ராத்திரி. மெழுகைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆண்டு மலர்களுக்கு வருகிற கவிதைகளில் எத்தனை அம்மாக்கள் மெழுகாய் உருகிப் பார்த்துவிட்டேன்!

நீ வேண்டுமென்று பொய் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். அம்மா அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தவுடன் பேனா தானாக எழுதிக்கொடுக்கிற வரிகள் இவை. உனக்கு முன்னால் எழுதியவர்கள் விட்டுப்போன வரிகள், உன் கை வழியாக ஒருமுறை வந்துபோகின்றன. அதனால்தான் எழுதும்போது அவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். உன்னோடு வேலை பார்க்கிற யாராவது இதே ஐந்து வரியைத் தன் வீட்டுக்கு அனுப்பினால் அங்கேயும் பொருந்தும். அங்கே பொருந்துகிற வரி இங்கே எங்களைப் பற்றி என்ன சொல்கிறது?

இன்னொரு இடத்தில் உண்மைக் கணக்கே இடிக்கிறது. "என் சம்பளம் முழுவதையும் உங்கள் பாதங்களில் வைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். நீ அனுப்பியது ஒரு பங்கு. அதுதான் நியாயமும். உனக்கு வாடகை இருக்கிறது, அடுத்த சம்பளம் வரை சாப்பாடு இருக்கிறது. முழுவதையும் அனுப்பியிருந்தால் அப்பா அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பார். அப்படியிருக்க, கவிதை மட்டும் ஏன் வங்கிக் கணக்கைவிடப் பெரிதாகப் பேச வேண்டும்? கொஞ்சம் அனுப்பியவன் கொஞ்சம் அனுப்பினேன் என்று எழுதினால் வாசிக்கிறவனுக்கு அந்தக் கொஞ்சத்தின் மேல் நம்பிக்கை வரும்.

அடுத்து, அழுகை. "என் கையில் முதல் சம்பளம், என் கண்களில் கண்ணீர்" என்று ஒரு வரி. அழுதாயா என்று போனில் கேட்டேன். "இல்லம்மா, சும்மா ஒரு ஃபீலிங்குக்கு" என்றாய். அந்தச் 'சும்மா'தான் கோளாறு. தொல்காப்பியம் என்று சொன்னதும் ஓடிவிடாதே, ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். அதில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி உண்டு. மனத்தில் எழுகிற உணர்ச்சி எப்படி உடம்பில் தெரிந்து பார்க்கிறவருக்கும் எட்டுகிறது என்பதைப் பேசுகிற பகுதி. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நந்நான்கு காரணமும் சொல்கிறது. அழுகைக்குச் சொன்ன நான்கு, பிறர் இழிவாக நடத்துவது, ஒன்றை இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, வறுமை. பெருமிதத்துக்குச் சொன்ன நான்கு, கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை.

இப்போது உன் கவிதையைப் பார். உனக்குச் சம்பளம் வந்திருக்கிறது. யாரும் உன்னை இழிவுபடுத்தவில்லை, எதையும் நீ இழக்கவில்லை. அழுவதற்கு முகாந்திரமே இல்லாத இடத்தில் அழுகையைக் கொண்டுவர வேண்டும் என்பதால்தான் எங்கள் மேல் இல்லாத வறுமையைச் சுமத்த வேண்டியிருந்தது. பட்டினி வரி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? கண்ணீர் முதலில் வந்துவிட்டது, காரணத்தைப் பிறகு தேடிப் பிடித்தாய்.

உன் சந்தர்ப்பம் பெருமிதத்தின் பக்கம் இருக்கிறது, நான்காவது காரணமான கொடையில். முதன்முதலாகக் கொடுக்கிற இடத்துக்கு வந்திருக்கிறாய். பெருமிதம் என்றால் மார்தட்டுவது என்று நினைத்துக்கொள்ளாதே. தான் இருக்கும் இடத்தில் நிமிர்ந்து நிற்பது, அவ்வளவுதான். கொடுக்கிறவன் அழுதுகொண்டே கொடுத்தால் வாங்குகிறவருக்குக் கை நீளாது. அவனைத் தேற்றுகிற வேலைதான் முதலில் வந்து சேரும். உன் முதல் படியில் எங்களுக்கு அந்த வேலைதான் கிடைத்தது. முதல் சம்பளம் வாங்கிய பிள்ளையை ஏன் தேற்ற வேண்டும், சொல்?

உணர்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உருகி எழுதுகிற கவிதையில் கடைசியில் தெரிவது எழுதுகிறவனின் உருக்கம்தான். 'நான் எவ்வளவு நன்றியுள்ளவன் பாருங்கள்' என்று அது தன்னையே காட்டிக்கொண்டிருக்கும். நன்றி யாருக்கோ அவர்கள் பின்னால் மங்கலாக நிற்பார்கள். உன் கவிதையில் நானும் அப்பாவும் எங்கே இருக்கிறோம் என்று தேடினேன். தெய்வம் இருக்கிறது, மெழுகு இருக்கிறது, வியர்வை இருக்கிறது. ஆள் இல்லை.

அப்புறம் ஓசை. வாய்விட்டுப் படித்துப் பார். ஊட்டினீர்கள், வைத்தீர்கள், கொடுத்தீர்கள், உழைத்தீர்கள், களைத்தீர்கள். இன்னும் கீழே போனால் நினைக்கிறேன், கலங்குகிறேன், வணங்குகிறேன். ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரி முடிகிறது, அதனால் கவிதை மாதிரிக் கேட்கிறது. ஆனால் தமிழில் இது உழைக்காமல் கிடைக்கிற சரக்கு. நம் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில்தான் முடியும். எழுவாய் 'நீங்கள்' என்றால் முடிவு 'ஈர்கள்', 'நான்' என்றால் 'ஏன்'. எவன் எழுதினாலும் வரி ஈற்றில் ஓசை ஒத்துப்போகத்தான் செய்யும். நம் பழைய பாட்டுக்காரர்கள் ஈற்றில் ஒத்துப்போவதற்கு இயைபு என்று பெயர் வைத்திருந்தும், அதிகம் சார்ந்திருந்தது வரியின் முன்பக்கத்தில் வருகிற எதுகை மோனைகளைத்தான். பின்பக்கம் இனாமாகக் கிடைக்கிறதே, அதில் என்ன சாமர்த்தியம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும் என்பது என் எண்ணம்.

இந்த இனாம் ஓசைக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. 'ஈர்கள், ஈர்கள்' என்று நான்கு வரி போனதும் காது பொருளை விட்டுவிட்டுத் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. மேடைப் பேச்சில் கைதட்டல் வருகிற இடம் அது. ஐந்தாவது வரியில் என்ன சொன்னாலும் கைதட்டல் வரும். அதனால் வரிகளை வெவ்வேறு மாதிரி முடி. ஒன்றைப் பெயர்ச்சொல்லில் நிறுத்து, ஒன்றை விளியில் நிறுத்து, ஒன்றை எச்சத்தில் தொங்கவிட்டு அடுத்த வரியில் முடி.

'நீங்கள்' என்றதும் ஞாபகம் வருகிறது. வீட்டில் என்னை நீ எப்போது 'நீங்கள்' என்றாய்? பிறந்ததிலிருந்து எனக்கு 'நீ', அப்பாவுக்கு 'நீங்கள்'. கவிதையில் இரண்டு பேரையும் ஒரே 'நீங்கள்' போட்டுக் கட்டிவிட்டாய், நானும் மேடையில் மாலை போட்டு உட்கார்ந்திருக்கிற ஆளாகிவிட்டேன். எனக்கு ஒரு பத்தி, அப்பாவுக்கு ஒரு பத்தி என்று பிரித்துவிடு. என் பத்தியில் நீ, அவர் பத்தியில் நீங்கள். இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடம் வந்தால் மட்டும் பொதுவாக 'நீங்கள்' வரட்டும். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் பூச்சு உதிர்ந்துவிடும், ஏனென்றால் 'நீ' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லாகத் 'தெய்வமே' என்று உன்னால் எழுத முடியாது.

உனக்கு மிகவும் பிடித்த வரி எது என்று எனக்குத் தெரியும். "உங்கள் வாழ்க்கைச் சீட்டில் பிடித்தம் என்ற பத்தி முழுக்க என் பெயர்." கெட்டிக்கார வரி, ஒத்துக்கொள்கிறேன். படித்ததும் அப்பாகூட "பரவாயில்லையே" என்றார். அதையும் அடித்துவிட்டேன். கோபப்படாமல் கேள். அந்த வரி கவிதையை ஒரு கணக்குப் புத்தகமாக்கிவிடுகிறது. எங்களிடமிருந்து பிடிக்கப்பட்டது, உன் பெயரில் பற்று. அந்தப் பாதையில் போனதால்தான் கடைசியில் "ஏழேழு பிறவி எடுத்தாலும் தீர்க்க முடியுமா உங்கள் கடனை?" என்ற இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறாய். வளர்த்தது கடன் கொடுத்ததாகிவிட்டால் நீ அனுப்பிய பணம் முதல் தவணை ஆகிவிடும். எங்களுக்கு அப்படி வேண்டாம், உனக்கும் அப்படித் தோன்றவில்லை. உவமை அழகாக இருக்கிறதே என்று அதன் பின்னால் போனால், நீ போக நினைக்காத வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும்.

சரி, அடித்தது போதும். நடுவில் மூன்று வரி இருக்கிறது, அவற்றைச் சுற்றி நான் வட்டம் போட்டிருக்கிறேன். நீயே அவற்றைப் பெரிதாக மதித்தாயா என்று தெரியவில்லை, மெழுகுக்கும் ஏழேழு பிறவிக்கும் இடையில் செருகி வைத்திருந்தாய்:

வங்கிச் செய்தி வந்தபோது கை கழுவிக்கொண்டிருந்தேன்
ஈரக் கையோடு தொட்டேன், திரை ஏற்கவில்லை
சட்டையில் துடைத்துக்கொண்டு திறந்தேன்

இது நடந்தது. படிக்கிறவருக்கு இது நடந்தது என்று உடனே தெரியும், ஏனென்றால் ஈர விரலை அந்தத் திரை மதிக்காது என்பதைப் பொய்யாக யோசித்து எழுத யாருக்கும் தோன்றாது. அவசரமும் தெரிகிறது, சந்தோஷமும் தெரிகிறது, இரண்டுக்கும் நீ பெயர் வைக்கவில்லை. அதைவிட முக்கியமாக, எனக்கு ஒரு கதவு திறந்தது. 'சட்டையில் துடைத்துக்கொண்டு' என்பதைப் படித்ததும் என் வாயில் என்ன வந்திருக்கும் என்று உனக்குத் தெரியாதா? அதைத்தான் போனில் கேட்டேன், அடுத்த வரி எங்கே என்று. நீ சிரித்துவிட்டு, "ஆமாம்மா, சட்டையில் துடைக்காதேன்னு நீ சொல்றது ஞாபகம் வந்தது, எழுதலை" என்றாய்.

எழுதாமல் விட்டது அதுதான் என்றால் எழுதியது எதற்கு? தெய்வமே என்று சொன்னபோது நான் கவிதைக்குள் வரவில்லை. சட்டையில் துடைக்காதே என்று திட்டும்போது முழுசாக வந்து நிற்கிறேன். உன் கையில் சம்பளம் வந்து சேருகிற நேரத்தில் நான் உன் சட்டைக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்பதில் இருக்கிற அன்பைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதே இல்லை.

அப்புறம் சம்பளச் சீட்டைப் பற்றிக் கேட்டேன். மாத நடுவில் சேர்ந்ததால் பாதி மாதச் சம்பளம், அதிலும் பிடித்தம் போக மீதி என்று சொன்னாய். இது உன் முதல் படியில் எங்குமே இல்லை. முதல் சம்பளம் என்றால் முழுசாக, கம்பீரமாக வர வேண்டும் என்று நினைத்து மறைத்துவிட்டாய் போல. ஆனால் முதல் சம்பளம் பெரும்பாலும் அப்படி அரைகுறையாகத்தான் வரும். பேசிய தொகை ஒன்று, கைக்கு வந்த தொகை ஒன்று, நடுவில் புரியாத நாலைந்து வரி. வேலைக்குப் போகிற எல்லாருக்கும் தெரிந்த சின்ன ஏமாற்றம் அது. அதைச் சொன்னால் கவிதை தரையில் நிற்கும்.

பிறகு நீ சொன்னதுதான் எனக்குக் கிடைத்த புதையல். சீட்டை அச்செடுத்து, பேனாவை வைத்து, மேலிருந்து கீழே நீயாகவே கூட்டிப் பார்த்தாயாமே. இயந்திரம் கூட்டிக் கொடுத்ததை எதற்குடா கூட்டுகிறாய் என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்தாராம். நான் சிரிக்கவில்லை. எந்தத் தாள் வீட்டுக்கு வந்தாலும் உன் அப்பா முதலில் அடியில் இருக்கிற கூட்டுத்தொகையைப் பார்ப்பார், பிறகு மேலே போய் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வருவார், சரியாக வந்தால் ஒரு சின்னக் கோடு போடுவார். நீ சின்னப் பிள்ளையாக அவர் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பாய். அவர் உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. இப்போது உன் கை அதைச் செய்கிறது. அப்பாவுக்கு நன்றி சொல்ல இதைவிட என்ன வேண்டும்? அவரைப் புகழ்ந்து பத்து வரி எழுதினால் கூச்சப்பட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். நீ கூட்டிப் பார்த்தாய் என்று ஒரு வரி எழுதினால், உட்கார்ந்து இரண்டு தடவை படிப்பார்.

ஆக உன்னிடம் இரண்டு நிகழ்ச்சி இருக்கிறது, ஒன்றில் நான், ஒன்றில் அப்பா. இதற்கு மேல் ஒன்றும் சேர்க்காதே. மூன்றாவது ஒன்றைத் தேடப் போனால் மறுபடி மெழுகுவர்த்தி வந்துவிடும். நீ போனில் சொன்ன சொற்களையே வரிசைப்படுத்தி ஒரு படி எழுதிப் பார்த்தேன். இது உன் கவிதைதான், நான் அடுக்கினேன், அவ்வளவுதான். பிடிக்காவிட்டால் கிழித்துப்போடு.

முதல் சம்பளம்

செய்தி வந்தபோது கை கழுவிக்கொண்டிருந்தேன்.
ஈர விரலைத் திரை கண்டுகொள்ளவில்லை.
சட்டையில் துடைத்தேன்.
சட்டையில் துடைக்காதே என்பாய், அம்மா.

மாத நடுவில் சேர்ந்தவனுக்குப்
பாதி மாதச் சம்பளம்,
அதிலும் பிடித்தம் போக மீதி.
இயந்திரம் கூட்டித் தந்த சீட்டைப்
பேனாவால் மறுபடி கூட்டினேன், அப்பா.
பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.
சரியாகத்தான் இருந்தது.

அதில் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன்.
எதற்கு என்று கேட்காமல்
வைத்துக்கொள்ளுங்கள்.
அடுத்த மாதம்
முழு மாதத்துக்கும் வரும்.

சில இடங்களில் ஏன் அப்படி வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

'என்பாய்' என்று எதிர்காலத்தில் விட்டது யோசித்துத்தான். 'துடைக்காதே என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது' என்று எழுதலாம், நீ போனில் சொன்னதும் அப்படித்தான். ஆனால் நினைவு என்ற சொல் வந்ததும் நான் எங்கோ தொலைவில், ஏதோ பழைய காலத்தில் இருப்பவள் மாதிரி ஆகிவிடுகிறேன். தமிழில் இந்த எதிர்கால வினை வழக்கத்தையும் சொல்லும். சின்ன வயதில் அங்கே போவோம், விளையாடுவோம் என்று பழைய கதையைக்கூட அதில்தான் சொல்கிறோம். 'என்பாய்' என்றால் அப்போதும் சொல்வாய், இப்போது பார்த்தாலும் சொல்வாய், இனியும் சொல்வாய் என்று எல்லாம் அடக்கம். "உன் குரல் என் காதுக்குள் ஒலித்தது" என்று சேர்க்கலாமா என்று கேட்டாய். சேர்க்காதே. அந்த ஒரு வரியில் கவிதை பழைய வழிக்கே திரும்பிவிடும்.

'மாத நடுவில், பாதி மாத' என்று இரண்டு வரி அடுத்தடுத்து வருகிற இடத்தில் இரண்டாம் எழுத்து ஒத்துப்போய் ஒரு எதுகை விழுந்திருக்கிறது, கேட்டாயா? தேடிப் போகவில்லை, தானாக வந்தது. இப்படி வருவதை வைத்துக்கொள். இதற்காகவே ஒரு சொல்லைத் தேட வேண்டியிருந்தால் வேண்டாம்.

பக்கத்து மேசைக்காரர் சிரித்த வரியில் எனக்கு இன்னும் இரண்டு மனது. அது இருந்தால் நீ செய்தது மற்றவர் கண்ணுக்குக் கொஞ்சம் கிறுக்குத்தனமாகத் தெரிகிறது, அதனால் அப்பாவைப் புகழ்கிறாய் என்ற வாடை வரவில்லை. அதே சமயம் வேடிக்கை அளவு மீறினால் அதுவும் ஒரு ஒளிந்துகொள்கிற இடம்தான். உருகி எழுதக் கூடாது என்று பயந்து எல்லாவற்றையும் சிரிப்பாக்கிவிடுகிறவர்கள் உண்டு. அந்த மாதிரிக் கவிதையில் வறட்சி தட்டும், வீட்டுக்கு அனுப்பத் தோன்றாது. இங்கே ஒரு சிரிப்புதான், அதுவும் வேறொருவர் சிரிப்பது, அதனால் தாங்கும் என்று விட்டேன். முடிவு உன்னுடையது.

முடிவைப் பற்றி ஒன்று. நேரிசை ஆசிரியப்பா என்று ஒரு பாவகை உண்டே, பள்ளியில் மனப்பாடம் பண்ணியிருப்பாய். எல்லா அடியிலும் நான்கு சீர், ஈற்றுக்கு முந்தின அடியில் மட்டும் மூன்று சீர். அந்த ஒரு சீர் குறைவதில் குரல் சற்று இறங்கும், பிறகு கடைசி அடி சத்தம் போடாமல் முடியும். நீ எழுதுவது புதுக்கவிதை, சீர் எண்ண வேண்டியதில்லை. ஆனாலும் அந்த உபாயத்தை நான் கடன் வாங்கிக்கொண்டேன். 'அடுத்த மாதம்' என்று கடைசிக்கு முந்தின வரியைச் சின்னதாக உடைத்திருக்கிறேன். உன் முதல் படியில் கடைசி வரி கேள்விக்குறியோடும் ஏழேழு பிறவியோடும் வானத்துக்கு ஏறியது. இங்கே அடுத்த மாதத்தைப் பற்றிப் பேசி முடிகிறது. சம்பளக்காரன் பேசுகிற பேச்சு அப்படித்தானே இருக்கும்?

'எதற்கு என்று கேட்காமல் வைத்துக்கொள்ளுங்கள்' என்ற இடம் உன் சொற்கள்தான், நீ போனை வைக்கிறபோது சொன்னது. அதில் கொஞ்சம் அதட்டல் இருக்கிறது. முதல்முறையாக எங்களை அதட்டுகிறாய். எனக்குப் பிடித்திருக்கிறது, மாற்றிவிடாதே. இங்கேதான் அந்தப் பொதுவான 'நீங்கள்' வருகிறது, கவனித்திருப்பாய்.

நீ கேட்ட எழுத்துப்பிழைகள். 'விரலை திரை' என்று எழுதிவிடாதே, ஐ உருபு வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும், 'விரலைத் திரை'. 'சம்பள சீட்டு' இல்லை, 'சம்பளச் சீட்டு'. 'வைத்து கொள்ளுங்கள்' என்று பிரிக்காதே, அது ஒரே வினை, 'வைத்துக்கொள்ளுங்கள்'. தலைப்பில் 'முதல்ச் சம்பளம்' என்று ஒற்றுப் போட்டிருந்தாய், லகரத்துக்குப் பிறகு அப்படி ஒற்று வராது. இலக்கணப்படி சேர்த்தால் 'முதற்சம்பளம்' ஆகும், அப்படி எழுதினால் உன் கவிதைக்குக் கொஞ்சம் அங்கவஸ்திரம் போட்ட மாதிரி இருக்கும். 'முதல் சம்பளம்' என்று பிரித்தே விட்டுவிடு, தவறில்லை.

திருத்திய படியை அனுப்பு. அதோடு சம்பளச் சீட்டின் நகல் ஒன்றும் வேண்டுமாம். 'சரியாகத்தான் இருந்தது' என்ற வரியை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தான் ஒருமுறை கூட்டிப் பார்க்காமல் அந்த வரியை ஒப்புக்கொள்ள முடியாது என்கிறார்.

அன்புடன்,
அம்மா